தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும் துணி: பட்டறை மூலையில் நடப்பது என்ன?

பட்டறை தீப்பிடித்தால் நம் வாயில் முதலில் வருவது மின்கசிவு. அடுத்து, யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட். மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. பல தச்சுப் பட்டறைகளில் அது அன்றாடம் மூலையில் கிடக்கிறது. வேலை முடிந்ததும் கை துடைத்துச் சுருட்டி எறிந்த எண்ணெய்த் துணிதான் அது.

பக்கத்தில் அடுப்பு இல்லை, மின்கம்பி இல்லை, புகைபிடிப்பவரும் இல்லை. மாலை ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். இரவு பத்து மணிக்கு உள்ளே புகை. "பழைய துணி எப்படித் தானாக எரியும்?" என்று கேட்பது இயல்புதான். அதற்கான பதில், எண்ணெய் எப்படிக் காய்கிறது என்பதில் இருக்கிறது.

காய்வது வேறு, ஆவியாவது வேறு

துவைத்த சட்டையைக் கொடியில் போட்டால் அதிலிருக்கும் நீர் ஆவியாகிப் போய்விடுகிறது. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் சாயமும் பெரும்பாலும் அப்படித்தான் காய்கிறது. தின்னர் தோய்ந்த துணியும் அவ்வாறே. அதிலுள்ள திரவம் காற்றில் கலந்து மறைந்துவிடும்.

மரத்துக்குப் பூசும் லின்சீட் எண்ணெய், அதாவது ஆளி விதை எண்ணெய், அப்படிக் காய்வதில்லை. அது எங்கும் போவதில்லை. பூசிய இடத்திலேயே இருந்துகொண்டு காற்றிலுள்ள உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை, உள்ளிழுக்கிறது. எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான படலமாகின்றன. மேசையின் மேல் பளபளக்கும் அந்தப் படலம், உண்மையில் எண்ணெய் உயிர்வளியோடு சேர்ந்ததன் விளைவு.

உயிர்வளியோடு ஒரு பொருள் இப்படிச் சேரும்போது வெப்பம் வெளிப்படும். அடுப்பில் விறகு எரிவதும் உயிர்வளியோடு சேரும் வேலைதான். விறகில் அது வேகமாக நடப்பதால் கண்ணுக்குச் சுவாலை தெரிகிறது. காயும் எண்ணெயில் அது மெதுவாக நடப்பதால் எதுவும் தெரிவதில்லை. ஆனாலும் வெப்பம் பிறந்துகொண்டேதான் இருக்கிறது.

அப்படியானால் எண்ணெய் பூசிய கதவும் மேசையும் ஏன் எரிவதில்லை? அங்கே எண்ணெய் மெல்லிய பூச்சாக விரிந்து கிடக்கிறது. பிறக்கும் வெப்பத்தைக் காற்று உடனுக்குடன் எடுத்துச் சென்றுவிடுகிறது. பின்னாலிருக்கும் மரமும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. தொட்டுப் பார்த்தால் சூடே இருக்காது. அதே எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

சுருட்டிய துணிக்குள்

பருத்தித் துணி ஆயிரக்கணக்கான மெல்லிய நூல் இழைகளால் ஆனது. எண்ணெய் ஒவ்வோர் இழையின் மேலும் படர்ந்துவிடும். டின்னில் இருந்தபோது மேற்பரப்பில் மட்டும் காற்றைத் தொட்ட எண்ணெய், துணியில் எல்லாப் பக்கமும் காற்றைத் தொடுகிறது. அதனால் உயிர்வளியோடு சேரும் வேலையும் பெருகுகிறது.

ஆனால் உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லை. குளிருக்குப் போர்த்தும் கம்பளிபோல வெளி மடிப்புகள் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. குவியல் பெரிதாகப் பெரிதாக நடுவில் இருக்கும் சூடு வெளியேற அதிக தூரம் கடக்க வேண்டியிருக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆலையிலிருந்து வரும் வெறும் செம்பனைக் குலைகளைக் குவித்து வைத்த இடத்தில் விடியற்காலையில் ஆவி எழுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கையை விட முடியாது. அங்கே முதல் சூட்டைத் தருபவை நுண்ணுயிர்கள். துணியில் அதைத் தருவது எண்ணெய். ஆனால் குவியல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் விதம் இரண்டிலும் ஒன்றுதான்.

இதில் ஆபத்தான திருப்பம் ஒன்று உண்டு. சூடு ஏற ஏற எண்ணெய் உயிர்வளியோடு சேரும் வேகமும் கூடும். தோராயமாகச் சொன்னால், ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் அந்த வேகம் இரட்டிப்பாகும். வேகம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் வேகம் இன்னும் கூடும். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் இந்தச் சுழல் தானாக நிற்காது.

சுமார் 200 டிகிரியைத் தாண்டும்போது பருத்தி பழுப்பேறிக் கருகத் தொடங்கும். பிறகு சுவாலையில்லாமல் உள்ளுக்குள் கனன்று, காற்று நன்றாகக் கிடைக்கும் இடத்தை எட்டியதும் சுவாலையாக எழும்.

துணி எப்படிக் கிடக்கிறது என்பதும் முக்கியம். கொடியில் விரித்துப் போட்டால் வெப்பம் போய்விடும். மூட்டையாக இறுக்கி அமுக்கிக் கட்டினால் உள்ளே காற்று குறைவு. எதிர்வினையும் மெதுவாகவே நடக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டு, தளர்வாகச் சுருட்டி எறிந்த துணிதான் மிக மோசமானது. போதுமான காற்றும் அதற்குள் போகும். போதுமான சூடும் உள்ளே தங்கும். நாம் வழக்கமாகத் துணியை எறியும் விதம் அதுவேதான்.

ஒரு மாலை, மணிக்கு மணி

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தகரக் கூரை போட்ட தச்சுப் பட்டறை. இரண்டு மரக் கதவுகளுக்கு லின்சீட் எண்ணெய் பூசி, மிகுந்ததை ஏழெட்டுப் பழைய பருத்தி டீ-சட்டைகளால் துடைத்திருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு அவற்றைச் சுருட்டி மூலையில் இருந்த அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள்.

முதல் ஒரு மணி நேரம் எதுவும் தெரியாது. எண்ணெயில் தின்னர் கலந்திருந்தால் அது ஆவியாகும்போது துணி சற்றுக் குளிர்ச்சியாகக்கூட இருக்கலாம். தொட்டுப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த நேரத்தில்தான்.

அடுத்த ஓரிரு மணி நேரத்தில் குவியலின் நடுப்பகுதி வெதுவெதுப்பாகிறது. மேலே கிடக்கும் துணியைத் தொட்டால் இன்னும் சாதாரணமாகவே இருக்கும். நடுவில் கை விட்டால் மட்டுமே தெரியும்.

பிறகு சூடு வேகம் பிடிக்கிறது. மூக்கைக் குத்தும் காரமான வாடை கிளம்பும். வழக்கமான சாய வாடையைவிட அது கடுமையாக, சுட்டுக் கெட்டுப்போன எண்ணெய்போல இருக்கும். அதைத் தொடர்ந்து வெண்மையான மெல்லிய புகை வரும். அதன் பின் துணியின் நடுவில் பழுப்பு, கருப்பு, கனல். பெட்டியின் அட்டை எரியத் தொடங்கினால், பக்கத்தில் கிடக்கும் மரத்தூளும் தின்னர் டின்னும் அடுத்த சில நிமிடங்களில் சேர்ந்துகொள்ளும்.

போட்ட நேரத்திலிருந்து சுவாலை வரை சில மணி நேரம் ஆவது வழக்கம். சூடான இடத்தில், வேகமாகக் காயும் எண்ணெயோடு இரண்டு மணி நேரத்துக்குள்ளும் நடக்கலாம். அரை நாளுக்கு மேலும் ஆகலாம். பெட்டி சிறிதாக இருந்தாலோ, எண்ணெய் குறைவாக இருந்தாலோ, காற்றோட்டம் அதிகமாக இருந்தாலோ வெறுமனே சூடாகி அடங்கியும் போகலாம். "பத்து வருஷமாக இப்படித்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பத்து ஆண்டுகளிலும் அளவு, சூடு, காற்று மூன்றும் ஒரே நாளில் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

எந்த எண்ணெய், எந்தச் சாயம்?

எல்லா எண்ணெய்த் துணியும் இப்படி எரிவதில்லை. இதைப் பிரித்தறிவது அவசியம்.

தாவர எண்ணெய் எவ்வளவு ஆவலாக உயிர்வளியைப் பிடிக்கும் என்பதை அயோடின் எண் என்ற அளவு ஓரளவுக்குக் காட்டும். எண் கூடுதலாக இருந்தால் எண்ணெய் வேகமாகக் காயும்; ஆபத்தும் கூடுதல். லின்சீட் எண்ணெயில் அது 170க்கு மேல். சோயா எண்ணெயில் 130ஐ ஒட்டி இருக்கும். நம் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய 50. தேங்காய் எண்ணெயில் 10 அளவுதான். விளக்குக்கு ஊற்றிய தேங்காய் எண்ணெயைத் துடைத்த துணி, அறை வெப்பத்தில் தானாகத் தீப்பிடிப்பதில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

கடையில் வாங்கும்போது லின்சீட் எண்ணெய் இரண்டு வகையாகக் கிடைக்கும். பச்சையாக விற்பது மெதுவாகக் காயும். "பாய்ல்டு லின்சீட் ஆயில்" என்று டின்னில் எழுதியிருப்பதில் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். சீக்கிரம் காய்வதற்காகச் சேர்க்கப்படும் அதே உப்புகள், துணிக்குள் வெப்பம் பிறக்கும் வேகத்தையும் கூட்டுகின்றன. மிகவும் கவனம் தேவைப்படுவது இந்த வகைதான். டங் எண்ணெயும், தேக்கு எண்ணெய் என்ற பெயரில் விற்கப்படும் பல கலவைகளும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை.

சாயத்துக்கு வருவோம். கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் எண்ணெய்ச் சாயம், எனாமல், வார்னிஷ், மரத்துக்கு நிறம் ஏற்றும் ஸ்டெய்ன் ஆகியவற்றில் பலவும் காயும் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டவை. டின்னில் "அல்கிட்" என்ற சொல் இருந்தால் அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீரில் கரையும் எமல்ஷன் சாயத்துக்கு இந்த ஆபத்து இல்லை.

கார் பட்டறையில் கிடக்கும் என்ஜின் எண்ணெய்த் துணி, கிரீஸ் துணி, டீசல் துணி ஆகியவை வேறு வகை. அவை கனிம எண்ணெய். காற்றோடு சேர்ந்து காய்ந்து கெட்டியாவதில்லை. எனவே அறை வெப்பத்தில் அவை தானாகச் சூடேறுவதில்லை. ஆனால் ஒரு தீப்பொறி பட்டால் நன்றாக எரியும். தின்னர் துணியும் அப்படியே. அதன் ஆவிக்கு வெல்டிங் பொறி ஒன்றே போதும். ஒரே பெட்டியில் எல்லாத் துணியையும் போட்டால், தானாகச் சூடேறும் துணி தீயைத் தொடங்கிவைக்கும், மற்றவை அதை வளர்க்கும்.

துணி மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். தரையில் சிந்திய எண்ணெயின் மேல் மரத்தூளைக் கொட்டிப் பெருக்கி, அந்தத் தூளைச் சாக்கில் கட்டி வைத்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். பஞ்சுக் கழிவும் அவ்வாறே.

ஒரு துணிக் குவியல் அழித்த 38 மாடிக் கட்டடம்

இது சின்னப் பட்டறைப் பிரச்சினை என்று நினைத்தால் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடி அலுவலகக் கட்டடம் இருந்தது. அதன் 22ஆம் மாடியில் மரச் சுவர்ப்பலகைகளுக்கு மெருகேற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணிகளை அங்கேயே விட்டுப் போனார்கள்.

1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை. இரவு எட்டு மணிக்குப் பிறகு அந்த மாடியில் எச்சரிக்கை மணி ஒலித்தது. என்னவென்று பார்க்க ஊழியர் ஒருவர் மின்தூக்கியில் ஏறிப் போனார். கதவு திறந்ததும் புகையும் அனலும் முகத்தில் அடித்தன. கீழ்த்தளத்தில் இருந்த காவலர் மின்தூக்கியைத் திரும்ப வரவழைத்ததால் அவர் பிழைத்தார். அதற்குள் தீ நன்றாக வேரூன்றியிருந்தது.

300க்கும் மேற்பட்ட தீயணைப்பாளர்கள் போராடினார்கள். கட்டடத்தில் மின்சாரம் போய்விட்டது. மாடிகளில் இருந்த குழாய்களின் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வுகள் சரியாக அமைக்கப்படாததால் குழாயில் போதிய நீர் அழுத்தமும் கிடைக்கவில்லை. மூன்று தீயணைப்பு வீரர்கள் 28ஆம் மாடியில் உயிரிழந்தார்கள். கட்டடம் இடிந்துவிழலாம் என்ற அச்சத்தில் மறுநாள் காலை மற்றவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

22ஆம் மாடியில் தொடங்கி எட்டு மாடிகளைத் தின்ற தீ, 30ஆம் மாடியில் நின்றது. அந்த மாடியில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் பொருத்தப்பட்டிருந்தன. பத்தே பத்துத் தெளிப்பான்கள் திறந்து, மனிதர்கள் விட்டுவந்த தீயை அடக்கின. சுமார் 19 மணி நேரம் எரிந்த அந்தக் கட்டடத்தை மீண்டும் பயன்படுத்த முடியவில்லை. 1999இல் அது முற்றிலும் இடித்து அகற்றப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை யாரும் எதையும் கொளுத்தவில்லை. வார இறுதி, ஆளில்லாத மாடி, குவித்து விட்ட துணி, சில மணி நேரம். நம் ஊர்க் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பட்டறையும் மேல்மாடியில் குடும்பமும் இருக்கும் இடங்களில் இதே நான்கும் சேர்ந்தால், தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

வேலை முடிந்ததும் துணியை என்ன செய்வது?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சூடு தங்காதபடி செய்வது. மற்றொன்று, காற்றே படாதபடி செய்வது.

வெளியில் இடம் இருந்தால் துணிகளை ஒவ்வொன்றாக விரித்துக் கொடியிலோ கம்பி வேலியிலோ போடுங்கள். ஒன்றன் மேல் ஒன்று படக்கூடாது, மடிப்பும் இருக்கக்கூடாது. பட்டறைச் சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும். துணி அட்டைபோல விறைத்துப்போகும் வரை விட்டுவிடுங்கள். நல்ல வெயிலில் ஓரிரு நாள், மழைக்காலத்தில் கூடுதலாக ஆகும். முழுதாக விறைத்துப்போனால் எண்ணெய் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டது என்று பொருள். உள்ளே பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் முடியவில்லை.

இடம் இல்லையென்றால், இறுக்கமான மூடி உள்ள தகர டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிஸ்கட் டின்னோ காலிச் சாய டின்னோ போதும். அதில் தண்ணீரும் கொஞ்சம் சலவைத் தூளும் விட்டு, துணி முழுதும் மூழ்கும்படி அமுக்கி மூடுங்கள். எண்ணெய்த் துணி தண்ணீரில் எளிதில் நனையாது. சலவைத் தூள் நனைய உதவும். தண்ணீர் காற்றைத் தடுக்கிறது. பிறக்கும் சூட்டையும் தானே வாங்கிக்கொள்கிறது. டின்னைக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். தண்ணீர் வற்றி, துணி மேலே தெரிந்தால் பழைய ஆபத்து திரும்பிவிடும்.

தொழிற்சாலைகளிலும் பெரிய பட்டறைகளிலும் இதற்கென்றே காலால் மிதித்துத் திறக்கும் மூடியுள்ள இரும்புத் தொட்டிகள் உண்டு. காலை எடுத்ததும் மூடி தானாக விழும். அடியில் காற்று ஓடுவதற்காகத் தரையிலிருந்து சற்று உயர்த்தியிருப்பார்கள். அந்தத் தொட்டியை அன்றாடம் காலி செய்தால்தான் அது பயன்படும்.

நெகிழிப் பையும் நெகிழி வாளியும் உதவாது. சூட்டில் உருகிவிடும். குப்பைத் தொட்டியில் போடுவதும் தீர்வல்ல. தீ பட்டறைக்குப் பதில் குப்பைத் தொட்டியிலோ குப்பை லாரியிலோ பிடிக்கும். துவைத்துத் திரும்பப் பயன்படுத்தவும் வேண்டாம். ஒரு முறை துவைத்தால் எண்ணெய் முழுதும் போவதில்லை. அதைச் சலவைக் கடையின் சூடான உலர்த்தியில் போட்டு, சூட்டோடு மடித்து அடுக்கினால் குவியல் பாதி தூரத்தை முன்கூட்டியே கடந்துவிடுகிறது. சமையல் எண்ணெய் பிடித்த கடைத் துணிகளும் மசாஜ் நிலையத் துண்டுகளும் அடுக்கிய பின் தீப்பிடிப்பது இந்த வழியில்தான்.

மலேசியாவில் பட்டறை நடத்துவோருக்கு இன்னொரு கடமையும் உண்டு. அட்டவணைக் கழிவு எனப்படும் ஆபத்தான கழிவுகளால் மாசடைந்த துணிகளை 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகள் எஸ்.டபிள்யூ. 410 என்ற எண்ணின் கீழ்ப் பட்டியலிட்டுள்ளன. அத்தகைய துணிகளுக்கு உரிய லேபல் ஒட்டி, உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஆனால் லாரி வரும் நாள் வரை துணி எப்படிக் கிடக்கிறது என்பதில்தான் தீயின் கதை இருக்கிறது.

ஏற்கெனவே சூடேறிவிட்டால்

துணிக் குவியலிலிருந்து கார வாடை வருகிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, ஆனால் புகை இல்லை என்றால் நேரம் இருக்கிறது. முதலில் குவியலின் மேல் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். பிறகு இரும்பு மண்வாரியாலோ இடுக்கியாலோ வெளியே கொண்டுபோய், தண்ணீர் நிறைந்த தகர டின்னிலோ இரும்புத் தொட்டியிலோ மூழ்கடியுங்கள்.

புகை வரத் தொடங்கிவிட்டால் குவியலைக் கிளறிப் பார்க்காதீர்கள். உள்ளே கனன்றுகொண்டிருப்பது காற்றுக்காகவே காத்திருக்கிறது. கிளறினால் முகத்தின் முன் சுவாலையாக எழும். ஆட்களை வெளியேற்றி, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள். தீ சிறிதாக இருந்து, வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டுமே தண்ணீரோ தீயணைப்புக் கருவியோ பயன்படுத்தலாம். அணைந்ததுபோல் தெரிந்தாலும் நடுவில் கனல் இருக்கும். துணி முழுதும் நீரில் மூழ்கும் வரை அதை அணைந்த தீயாகக் கருத முடியாது.

வாங்கும் டின்னின் லேபலை ஒரு முறை படித்துப் பாருங்கள். "ஸ்பான்டேனியஸ் கம்பஷன்" என்ற ஆங்கிலச் சொற்களோ, துணியை நீரில் போடச் சொல்லும் குறிப்போ இருந்தால், அன்று மாலை பட்டறையைப் பூட்டுமுன் துணிகளை எண்ணிப் பாருங்கள். காலையில் எத்தனை எடுத்தீர்களோ அத்தனையும் கொடியிலோ டின்னுக்குள் நீரிலோ இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேசைக்கு அடியில், சட்டைப் பையில், லாரியின் பின்பக்கத்தில் தேடிப் பார்த்துவிட்டே பூட்டைப் போடுங்கள்.